4கே காட்சியை ஃபுல் எச்.டி டைம்லைனில் நெருக்கினால் மங்குகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

ஒரே கேமராவில் பேட்டி எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் அதையே வைட், மிட், க்ளோஸ்-அப் என்று மூன்றாகக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இதன் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. 4கே என்று நாம் சொல்லும் காட்சி 3840×2160 பிக்சல். ஃபுல் எச்.டி டைம்லைன் 1920×1080. அகலத்திலும் உயரத்திலும் சரியாக இரண்டு மடங்கு. ஆகவே முழுப் படத்தையும் காட்டும் வைட் ஷாட்டிலிருந்து இரண்டு மடங்கு வரை நெருங்கினாலும், இல்லாத பிக்சலை மென்பொருள் உருவாக்க வேண்டிய தேவை வராது.

கணக்கு இப்படி இருந்தும் க்ளோஸ்-அப் வந்தவுடன் முகம் மங்கலாகிறது என்றால், காரணம் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். எடிட்டிங் மென்பொருள் உங்களுக்குத் தெரியாமல் படத்தை 1920-க்குச் சுருக்கிவிட்டுப் பிறகு நீட்டியிருக்கலாம். அல்லது படம் பிடிக்கும்போதே அந்த நுணுக்கம் பதிவாகாமல் போயிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நேராக ஷார்ப்பன் எஃபெக்டைத் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். முதலில் பிரிப்போம்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ஒரு ஃபிரேம் சோதனை

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம், கடைசிவரை அதுவே போதும். உட்கார்ந்து பேசுகிறவர், இடுப்புக்கு மேல் தெரிகிறார், ஃபிரேமின் இடது பக்கத்தில் இருக்கிறார். வைட் ஷாட்டில் அவர் கண்கள் ஃபுல் எச்.டி திரையில் இடமிருந்து 640, மேலிருந்து 360 என்ற புள்ளியில் இருக்கின்றன. க்ளோஸ்-அப்பிலும் கண்கள் அதே புள்ளியில் வர வேண்டும். மூல 4கே படத்தில் கண்கள் இருப்பது 1280, 720 என்ற இடத்தில். அப்படியானால் மூலத்தில் 640, 360-லிருந்து தொடங்கி 1920×1080 அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அதுதான் நமக்கு வேண்டிய க்ளோஸ்-அப்.

எடிட்டிங் மென்பொருளைத் தொடாமல் அந்தத் துண்டை வெட்ட, கட்டளை தட்டச்சு செய்து இயக்கும் ffmpeg என்ற கருவி போதும். 12-வது விநாடியில் ஒரு ஃபிரேம் எடுக்கிறோம்:

```
ffmpeg -ss 12 -i clip.mp4 -frames:v 1 -vf crop=1920:1080:640:360 test.png
```

இதில் நீட்டலும் இல்லை, சுருக்கலும் இல்லை. மூலத்தின் ஒரு பிக்சல், படத்தில் ஒரு பிக்சல். இப்போது எடிட்டிங் மென்பொருளில் அதே ஃபிரேமில் நின்று, அதே க்ளோஸ்-அப்பை ஒரு ஸ்டில்லாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பி.என்.ஜி ஆக இருக்கட்டும், ஜேபெக் வேண்டாம். இரண்டையும் 100 சதவீத அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் கொஞ்சம் மாறியிருக்கலாம், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். கண் இமை முடி, புருவம், சட்டைத் துணியின் நெசவு ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள்.

test.png கூர்மையாக இருந்து எடிட்டரின் ஸ்டில் மங்கலாக இருந்தால், தவறு டைம்லைனில். இரண்டும் ஒரே மாதிரி மங்கல் என்றால் தவறு கேமரா பக்கம். இரண்டுமே கூர்மை, ஆனால் எடிட் செய்யும்போது திரையில் மட்டும் மங்கல் என்றால் தவறே இல்லை. பிளேபேக் ரெசல்யூஷன் பாதியிலோ கால்பகுதியிலோ இருக்கும், அல்லது மூலத்துக்குப் பதிலாக அதன் சிறிய நகலான புராக்ஸி ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில் புராக்ஸியைப் பயன்படுத்து என்ற டிக் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ffmpeg பழக்கம் இல்லாதவர்கள் பிரீமியரில் மூல கிளிப்பை இருமுறை கிளிக் செய்து, சோர்ஸ் மானிட்டரில் பிளேபேக் ரெசல்யூஷனை Full என்றும், Fit என்று இருப்பதை 100% என்றும் மாற்றி அதே முகத்தைப் பார்க்கலாம். முடிவு ஏறக்குறைய அதேதான்.

அறிகுறி: 200 சதவீதம் கூட நெருங்கவில்லை, ஆனாலும் நன்றாகவே மங்குகிறது

test.png பளிச்சென்று இருக்கிறது, எடிட்டரில் மட்டும் மங்கல். இதற்கு நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு எண்ணை. பிரீமியரில் கிளிப்பைத் தேர்ந்து Effect Controls-இல் Motion-இன் கீழ் Scale எவ்வளவு என்று பாருங்கள். முழுப் படமும் திரையில் தெரியும்போது அது 50 என்று காட்ட வேண்டும். 50 என்றால் மென்பொருள் மூலத்தின் 3840 பிக்சலையும் அறிந்தே வைத்திருக்கிறது, அதைப் பாதி அளவில் காட்டுகிறது. நீங்கள் 100 வரை ஏற்றலாம்.

முழுப் படமும் தெரிகிறது, ஆனால் Scale 100 என்கிறது என்றால் சிக்கல் அங்கேதான். அந்தக் கிளிப்புக்கு Scale to Frame Size போடப்பட்டிருக்கிறது. இது படத்தை முதலிலேயே 1920-க்குச் சுருக்கி, அந்தச் சுருக்கிய படத்தையே மூலமாக எண்ணிக்கொள்கிறது. நீங்கள் 200 என்று ஏற்றினால் நீட்டப்படுவது 1920 படம். கிளிப்பில் வலது கிளிக் செய்து அதை எடுத்துவிட்டு, Set to Frame Size போடுங்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் செய்யும், ஆனால் இரண்டாவது வெறும் எண்ணை 50 ஆக்குவதோடு நிறுத்திக்கொள்ளும். பதிப்புக்குப் பதிப்பு மெனுவில் பெயர் மாறலாம், அதனால் பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். முழுப் படத்துக்கு 50 வருகிறதா, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கிளிப்பும் இப்படியே வந்து விழுகிறது என்றால் Preferences-இல் Media பகுதியில் Default Media Scaling என்று ஒன்று இருக்கும். அதையும் Set to frame size ஆக்கிவிடுங்கள். ஏற்கெனவே டைம்லைனில் இருக்கும் கிளிப்புகளை இது மாற்றாது, இனி வருபவற்றுக்குத்தான்.

டாவின்சி ரிசால்வில் எண் வேறு மாதிரி. அங்கே முழுப் படம் Zoom 1.00, மூலத்தின் எல்லை 2.00. வழக்கமான அமைப்பில் அது மூலப் பிக்சலிலிருந்தே நெருக்குவதால் பிரீமியரின் இந்தச் சிக்கல் வராது. ஆனால் அளவு பொருந்தாத கிளிப்புகளை என்ன செய்வது என்ற புராஜெக்ட் அமைப்பில் Center crop with no resizing என்று யாராவது தேர்ந்திருந்தால், கிளிப்பைப் போட்டவுடனே அது நெருங்கிய நிலையில் வந்து நிற்கும். அப்போது 1.00 என்பதே எல்லை. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு புள்ளியும் நீட்டல்தான்.

அறிகுறி: நேற்று கூர்மையாக இருந்தது, ஸ்டெபிலைஸ் செய்த பிறகு மங்கிவிட்டது

இதுதான் பலரைச் சுற்றவிடுகிற கோளாறு, ஏனென்றால் இதற்கு வழி சொல்வதே மென்பொருள்தான். 4கே கிளிப்பை ஃபுல் எச்.டி சீக்வென்ஸில் வைத்து Warp Stabilizer போட்டால், கிளிப் அளவும் சீக்வென்ஸ் அளவும் பொருந்த வேண்டும், நெஸ்ட் செய்யுங்கள் என்று பட்டை ஒன்று வரும். நாமும் சொன்னபடி வலது கிளிக், Nest என்று போவோம். எஃபெக்ட் வேலை செய்யும், எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நடந்தது என்ன? நெஸ்ட் என்பது கிளிப்பை உள்ளே வைத்திருக்கும் தனிச் சீக்வென்ஸ். அது தாய் சீக்வென்ஸின் அளவை எடுத்துக்கொண்டது. அதாவது 1920×1080. உள்ளே 4கே கிளிப் 50 சதவீதத்தில் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. வெளியே நெஸ்டின் Scale 100. அதை நீங்கள் 160, 180 என்று ஏற்றும்போது கூடுதல் பிக்சல்கள் உள்ளே இருந்தும் வெளியே வர வழியில்லை. அதோடு ஸ்டெபிலைசர் ஆட்டத்தை மறைக்கத் தானும் ஓரங்களை வெட்டி நெருக்கியிருக்கும், அதுவும் இந்த 1920-இல்தான்.

சரி, திருத்துவது எப்படி? நெஸ்டைத் திறந்து அதன் Sequence Settings-இல் அளவை 3840×2160 ஆக்குங்கள். உள்ளே இருக்கும் கிளிப்பின் Scale-ஐ 100 ஆக்குங்கள், Position நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வெளியே வந்தால் நெஸ்ட் திரையை விட்டுப் பிதுங்கி நிற்கும். அதன் Scale-ஐ 50 ஆக்கினால் பழையபடி வைட் ஷாட். இனி 50-லிருந்து மேலே எங்கும் போகலாம். வெளியே நெஸ்டின் மேல் போட்ட ஸ்டெபிலைசரை இப்போது நீக்கிவிட்டு, நெஸ்டுக்குள் இருக்கும் 4கே கிளிப்பின் மேல் போட்டு மறுபடி Analyze செய்ய விடுங்கள், இல்லையென்றால் அளவு பொருந்தவில்லை என்ற அதே பட்டை திரும்ப வரும். அதிலும் மெனக்கெடாத வழி ஒன்று உண்டு: ஆரம்பத்திலேயே புராஜெக்ட் பேனலில் கிளிப்பை வலது கிளிக் செய்து New Sequence From Clip கொடுத்து, அந்த 4கே சீக்வென்ஸில் ஸ்டெபிலைஸ் செய்து, அந்தச் சீக்வென்ஸை ஃபுல் எச்.டி டைம்லைனில் போடுவது. நான் நடந்துகொண்டே பேசும் காட்சிகளுக்கு எப்போதும் இதைத்தான் செய்வேன்.

எல்லை கொஞ்சம் குறையும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்டெபிலைசர் தன் பங்குக்குப் பத்து சதவீதம் நெருக்கியிருந்தால், 100 என்ற உங்கள் எல்லை உண்மையில் 90-ஐ ஒட்டி வந்துவிட்டது. Auto-scale எவ்வளவு என்பதை எஃபெக்டே காட்டும்.

ரிசால்விலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. கிளிப்புகளைச் சேர்த்து காம்பவுண்ட் கிளிப்போ ஃப்யூஷன் கிளிப்போ ஆக்கினால் அது டைம்லைன் அளவுக்கு வந்துவிடும். அப்புறம் அதை நெருக்கினால் இதே மங்கல். நெருக்கலை முதலில் தனிக் கிளிப்பில் செய்துவிட்டு, பிறகு சேர்ப்பது நல்லது.

அறிகுறி: ரெடிமேட் ஜூம் போட்ட ஷாட்டுகள் மட்டும் மங்குகின்றன

இணையத்தில் கிடைக்கும் பஞ்ச்-இன், ஸ்மூத் ஜூம் பிரீசெட்டுகள் பெரும்பாலும் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் Transform எஃபெக்டை வைத்து வருகின்றன. அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்குக் கீழே இருந்து போய்ச் சேருவது ஏற்கெனவே கலந்து முடித்த 1920×1080 படம். அதை Transform 150 ஆக்கினால் நீட்டப்படுவது அதுதான். உங்கள் 4கே அங்கே எட்டவே எட்டாது.

அந்த லேயரைத் தூக்கிவிட்டு, கிளிப்பின் சொந்த Motion-இல் Scale-க்குக் கீஃபிரேம் வையுங்கள். 50-லிருந்து 75 வரை மெதுவாகப் போகிற ஜூமுக்கு ஈஸ் இன், ஈஸ் அவுட் கொடுத்தாலே போதுமான மென்மை வந்துவிடும்.

அறிகுறி: எல்லாம் சரி, 100-லேயே நிற்கிறேன், மயிரிழை அளவுக்கு மங்கல்

இது கூர்ந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும் விஷயம். Scale சரியாக 100, Position முழு எண் என்றால் மூலப் பிக்சல் ஒவ்வொன்றும் திரைப் பிக்சலில் நேராகப் போய் உட்காரும். கலப்பே இல்லை. Scale 97 ஆனாலோ, Position 1279.5 ஆனாலோ ஒவ்வொரு திரைப் பிக்சலும் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து கணக்கிடப்படுகிறது. மவுஸால் படத்தை இழுத்து நகர்த்தினால் இந்தத் தசமங்கள் தானாக வந்துவிடும்.

நம் உதாரணத்தில் Scale 100 வைத்து, கண்கள் 640, 360-இல் வர, Position 1280, 720 என்று கையால் தட்டச்சு செய்ய வேண்டும். முன்பு ffmpeg-இல் வெட்டிய அதே துண்டு இப்போது டைம்லைனில் அப்படியே கிடைக்கும். அதே ஆளின் மிட் ஷாட்டுக்கு Scale 75 என்றால் Position 1120, 630. வைட் ஷாட் 50-உம் 960, 540-உம். மூன்று ஷாட்டிலும் கண்கள் ஒரே புள்ளியில் நிற்பதால் கட் செய்யும்போது பார்ப்பவர் கண் தாவாது. இது கூர்மைக்குச் சம்பந்தமில்லாத விஷயம், ஆனால் எண்களைத் தட்டச்சு செய்யும் நேரத்தில் சும்மா கிடைக்கும் லாபம்.

நகர்த்தவும் எல்லை இருக்கிறது. 75-இல் படம் 2880×1620 ஆகிறது, எனவே நடுவிலிருந்து பக்கவாட்டில் 480, மேலும் கீழும் 270 வரைதான் நகர்த்தலாம். அதைத் தாண்டினால் ஓரத்தில் கறுப்பு தெரியும்.

அறிகுறி: test.png-யே மங்கல்

இனி டைம்லைனில் எதைத் திருகியும் பயனில்லை. முதலில் கோப்பு உண்மையிலேயே 4கே தானா என்று கேளுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,pix_fmt,bit_rate -of default=nw=1 clip.mp4
```

width=1920 என்று வந்தால் கதை முடிந்தது. கேமராமேன் மெசேஜ் செயலியில் வீடியோவாக அனுப்பியிருப்பார், செயலி வழியிலேயே சுருக்கியிருக்கும். கார்டிலிருந்து நேராகவோ, டாக்குமென்ட் ஆகவோ, டிரைவ் வழியாகவோ மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

3840 என்றே வருகிறது, ஆனாலும் மங்கல் என்றால், test.png-இல் எது மங்கல், எது கூர்மை என்று பாருங்கள். காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

காதும் சட்டைக் காலரில் குத்திய மைக்கும் கூர்மையாக இருந்து கண்கள் மட்டும் மங்கலாக இருந்தால், அது ஃபோகஸ் தவறு. வைட் ஷாட்டில் இது தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. படத்தைப் பாதியாகச் சுருக்கும்போது சின்ன மங்கல்களும் பாதியாகிச் சகிக்கும் அளவுக்குள் வந்துவிடுகின்றன. இரண்டு மடங்கு நெருங்கினால் சகிக்கும் அளவு பாதியாகிறது, அதோடு கூர்மை கிடைக்கும் ஆழமும் பாதியாகிறது. ஏ.பி.எஸ்-சி சென்சார், 50 மி.மீ லென்ஸ், f/2.8, ஆள் 2 மீட்டர் தூரத்தில் என்று வையுங்கள். வைட் ஷாட்டுக்குக் கூர்மையான ஆழம் சுமார் 18 செ.மீ. ஆள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் தாங்கும். அதே காட்சியை இரண்டு மடங்கு நெருக்கினால் 9 செ.மீ தான். பேசும் வேகத்தில் தலையை ஆட்டுகிறவருக்கு அது போதவே போதாது.

இதற்குத் தீர்வு அடுத்த முறை படம் எடுக்கும்போதுதான். க்ளோஸ்-அப்பை வெட்டப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால் f/5.6 வையுங்கள், 18 செ.மீ திரும்பக் கிடைக்கும். ஆனால் அது இரண்டு ஸ்டாப். நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும், இல்லையென்றால் ஐ.எஸ்.ஓ 800-லிருந்து 3200-க்கு ஏறும். ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்ப்போம். ஐ.எஸ்.ஓ-வை ஏற்றுவதைவிட இன்னொரு விளக்கு வைப்பதைத்தான் நான் சொல்வேன். ஃபோகஸைக் கேமராத் திரையின் முழுப் படத்தில் பார்த்து முடிவு செய்யாமல், உருப்பெருக்கியை ஆன் செய்து கண்ணில் பாருங்கள்.

சுவரும் நாற்காலியும் கூர்மை, கையும் உதடும் மங்கல் என்றால் அது அசைவு மங்கல். விநாடிக்கு 25 ஃபிரேமில் 1/50 ஷட்டர் வைப்பதுதான் வழக்கம். ஆனால் இரண்டு மடங்கு நெருக்கும்போது அசைவின் இழுப்பும் திரையில் இரண்டு மடங்கு நீளமாகிறது. 1/100 வைத்தால் பழைய அளவுக்கு வரும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/100-இலும் விளக்கு மினுக்காது. 1/80, 1/125 என்று வேறு எங்காவது வைத்தால் டியூப் லைட்டோ மலிவான எல்.இ.டி-யோ பட்டை பட்டையாக ஓட வாய்ப்பு உண்டு. பேட்டிக்கு 1/100 தாராளமாகப் போதும். நடனத்தை நெருக்கப் போகிறேன் என்றால் இந்த முறையே சரிப்படாது, இரண்டாவது கேமரா வையுங்கள்.

அசையாத பொருளும் மங்கல், எல்லா இடமும் ஒரே சீராக மங்கல் என்றால் சந்தேகம் லென்ஸின் மேலும் சென்சாரின் மேலும் போகிறது. f/16 போல மிகவும் மூடி எடுத்தால் ஒளி சிறு துளையின் விளிம்பில் வளைந்து பரவி எல்லாமே மென்மையாகும். ஃபிரேமின் மூலையில் உட்காரவைத்த ஆளை நெருக்கினால் லென்ஸின் பலவீனமான பகுதியைத்தான் பெரிதாக்குகிறீர்கள். கிராப் செய்யப் போகும் ஆளை நடுவுக்குச் சற்று அருகில் வைப்பது அதனால்தான். சில கேமராக்கள் 25 ஃபிரேமில் சென்சாரின் 6கே-யை முழுவதும் படித்து 4கே ஆக்குகின்றன, 50 ஃபிரேமுக்கு மாறினால் வரிகளை விட்டுவிட்டுப் படிக்கவோ, ஓரத்தை வெட்டவோ செய்கின்றன. ஒரே கேமராவில் ஒரு முறை கூர்மை, இன்னொரு முறை மங்கல் என்றால் ஃபிரேம் ரேட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கன்னமும் சுவரும் மெழுகு பூசியது போல வழவழப்பாக, அசையும்போது சதுரம் சதுரமாகத் தெரிந்தால் அது பிட்ரேட் பற்றாக்குறை. போனில் இது அதிகம். வெளிச்சம் குறைந்தால் போன் தன் போக்கில் நாய்ஸை அழிக்கிறது, கூடவே தோலின் நுணுக்கமும் போய்விடுகிறது. அழிந்ததை எந்த எஃபெக்டும் திருப்பித் தராது. ஸ்கேலை 70-க்குக் கீழ் வைத்துக்கொண்டு தப்பிப்பதுதான் வழி.

அறிகுறி: மங்கல் இல்லை, ஆனால் க்ளோஸ்-அப்பில் மட்டும் நாய்ஸ் கொதிக்கிறது

வைட் ஷாட்டில் மூலத்தின் நான்கு பிக்சல் சேர்ந்து ஒரு திரைப் பிக்சல் ஆகிறது. நான்கின் நாய்ஸும் தனித்தனியாகத் தாறுமாறாக இருப்பதால் சராசரியில் பாதியாகக் குறைகிறது. 100-இல் அந்தச் சலுகை இல்லை. ஆகவே ஒரே கிளிப் வைட்டில் சுத்தமாகவும் க்ளோஸில் கொதிப்பாகவும் தெரிவது இயல்பு. f/5.6-க்காக ஐ.எஸ்.ஓ-வை ஏற்றினால் விலை கொடுப்பது இங்கேதான்.

நாய்ஸ் குறைப்பை நெருக்கிய ஷாட்டுக்கு மட்டும் போடுங்கள், வைட்டைத் தொட வேண்டாம். பச்சைத் திரை வேலையில் இதே விளைவு இன்னும் கடுமை. பெரும்பாலான கேமராக்கள் 4:2:0 முறையில் பதிவதால் நிறம் 1920×1080 அளவில்தான் இருக்கிறது. வைட்டுக்கு அது முழு நிறம். 100-க்கு நெருக்கினால் அந்த ஃபிரேமுக்கு நிறம் 960×540 தான், முடி ஓரம் படிக்கட்டாக வெட்டுப்படும். பச்சையை நீக்கும் கீ வேலையை முழு 4கே-யிலேயே செய்துவிட்டு, நெருக்கலை 75-ஓடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

அறிகுறி: ஷார்ப்பன் போட்டேன், க்ளோஸ்-அப்பில் தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு

பிரீமியரில் கிளிப்பின் மேல் போடும் எஃபெக்ட் முதலில் வேலை செய்கிறது, Motion அதற்குப் பிறகுதான். அதாவது ஷார்ப்பன் 4கே பிக்சலில் நடக்கிறது. வைட்டில் அது பாதியாகச் சுருங்கி ஏறக்குறைய மறைந்துவிடும், அதனால் நாம் இன்னும் ஏற்றுவோம். அதே அமைப்பை நகலெடுத்து 100-இல் ஒட்டினால் முழு உருவத்தோடு வந்து நிற்கும். கேமராவே உள்ளுக்குள் ஷார்ப்பன் செய்திருந்தால் கோடு இரட்டிப்பு. ஆகவே கேமராவின் பிக்சர் புரொஃபைலில் ஷார்ப்னஸைக் கீழே இறக்கி எடுங்கள்.

ஷார்ப்பனை அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் போட்டால் அது நெருக்கிய பிறகு வரும் 1920 படத்தில் வேலை செய்யும், எல்லா ஷாட்டிலும் ஒரே மாதிரி தெரியும். ஜூமுக்கு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் கூடாது, ஷார்ப்பனுக்கு அதுதான் சரியான இடம். Unsharp Mask-இல் Radius 1-ஐ ஒட்டி, Amount 30 முதல் 50 வரை, நெருக்கிய ஷாட்டுகளின் மேல் மட்டும்.

அறிகுறி: க்ளோஸ்-அப் தனியே பார்த்தால் நன்றாக இருக்கிறது, வைட்டுக்குப் பின்னால் வந்தால் மங்கல்

கோளாறு இல்லை, ஒப்பீடு. வைட் ஷாட் நான்கு பிக்சலைத் திரட்டி ஒன்றாக்கிய படம், ஃபுல் எச்.டி காட்டக்கூடிய உச்சக் கூர்மை அதில் இருக்கும். 100-இல் நிற்கும் ஷாட் அப்படியல்ல. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது, மீதி நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்புகிறது. 3840 புள்ளிகளை அப்படியே படிக்கும் கேமராவில் 3840 பிக்சலுக்கு உரிய நுணுக்கம் உண்மையில் இருப்பதில்லை. எனவே பிக்சல் கணக்கில் எல்லை 100 என்றாலும், கண்ணின் கணக்கில் அது கீழே இருக்கிறது.

என் கையில் 6கே-யைப் படித்து 4கே ஆக்கும் கேமரா என்றால் 100 வரை போவேன். மற்றவற்றில் 80, 85-ஓடு நிறுத்துவேன். 85-இல் மூலத்திலிருந்து எடுக்கப்படுவது சுமார் 2260 பிக்சல் அகலம், பார்க்கிறவருக்கு 100-க்கும் இதற்கும் நெருக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. முகம் இன்னும் பெரிதாக வேண்டும் என்றால் படம் எடுக்கும்போதே வைட்டைக் கொஞ்சம் இறுக்கமாக வையுங்கள். கேமராவை அரை மீட்டர் முன்னால் தள்ளுவது எந்த ஷார்ப்பனையும் விட மேல்.

இன்னொன்று: வைட்டும் மிட்டும் மிக அருகில் இருக்க வேண்டாம். 50-லிருந்து 58-க்கு வெட்டினால் நெருங்கியது போல இருக்காது, படம் துள்ளியது போல இருக்கும். 50, 75 என்று இடைவெளி விட்டால் கட் கட்டாகத் தெரியும்.

அறிகுறி: கணினியில் சரி, ஏற்றிய பிறகு யூடியூபில் மங்கல்

பெரும்பாலும் பார்ப்பவரின் திரையில் வீடியோவின் தரம் தானியங்கியில் 480-இல் நிற்கிறது, முதலில் அதை 1080 ஆக்கிப் பாருங்கள். அதன் பிறகும் என்றால் எக்ஸ்போர்ட் பிட்ரேட். 25 ஃபிரேம் 1080-க்கு யூடியூப் சொல்வது 8 எம்.பி.பி.எஸ். நான் 16-க்குக் குறையாமல் கொடுப்பேன், ஏனென்றால் அவர்கள் மறுபடி சுருக்கப் போகிறார்கள். 100-இல் நாய்ஸ் உள்ள ஷாட் பிட்ரேட்டை வேகமாகத் தின்னும், அதனால் அந்த ஷாட்டின் நாய்ஸைக் குறைத்துவிட்டு ஏற்றினால் மற்ற நுணுக்கங்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். எக்ஸ்போர்ட் கோப்பையே வீ.எல்.சி-யில் திறந்து க்ளோஸ்-அப்பை நிறுத்திப் பாருங்கள். அதில் சரியாக இருந்து இணையத்தில் மட்டும் மங்கல் என்றால் டைம்லைனைத் தொட வேண்டிய அவசியமில்லை.